ஐந்து மலையாள ஆதாரங்கள், ஒரு பில்: மொழிபெயர்ப்புக் கட்டணம் குறித்துக் கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஊர்களில் வீட்டில் பேசுவது தமிழ். பீரோவில் இருக்கும் நிலப் பத்திரங்கள் மலையாளம்; அந்த மொழியில் பத்திரத்துக்கு ஆதாரம் என்று பெயர். கடன் கேட்டுப் போகும் வங்கி பொள்ளாச்சியிலோ கோவையிலோ இருந்தால், அதன் வழக்கறிஞர் ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்கிறார். அப்படி வருகிறவர்களுக்கு நான் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறேன். அவசரமென்றால் கூடுதலாக வாங்குகிறேன். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தால் குறைத்துக்கொள்கிறேன். இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் எல்லோருக்கும் சந்தேகம் வருகிறது. அண்மையில் முடித்த ஒரு வேலையின் கணக்கை வைத்தே பதில் சொல்கிறேன். ஒரு பாகப்பிரிவினை ஆதாரம், அதைத் தொடர்ந்து வந்த நான்கு தீறாதாரங்கள், அதாவது நம் பேச்சில் கிரயப் பத்திரங்கள். மொத்தம் 6,400 மலையாளச் சொற்கள்.

"சொல்லுக்கு இரண்டரை ரூபாய் என்கிறீர்கள். எந்தச் சொல்? மலையாளத்தில் உள்ளதா, நீங்கள் எழுதப்போகும் ஆங்கிலத்தில் உள்ளதா?"

மலையாளத்தில் உள்ள சொல். விலை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டால் பின்னால் சண்டை வரும்.

மலையாளமும் தமிழைப் போலவே ஒட்டிச் சேரும் மொழி. "வரவேண்டியிருந்ததால்" என்று நாம் ஒரே சொல்லாக எழுதுவதை ஆங்கிலத்தில் எழுத ஐந்தாறு சொற்கள் ஆகும். மேலே சொன்ன 6,400 சொற்கள் ஆங்கிலத்தில் 10,000-ஐத் தொட்டன. ஒருவர் "சொல்லுக்கு இரண்டு ரூபாய்தான்" என்று சொல்லி ஆங்கிலச் சொற்களை எண்ணினால் உங்கள் பில் 20,000 ரூபாய். நான் இரண்டரை ரூபாய் சொல்லி மலையாளச் சொற்களை எண்ணினால் 16,000. குறைந்த விலை போலத் தெரிந்தது கூடிய விலை.

ஆங்கிலச் சொல்லை எண்ணுவது தவறான முறை அல்ல. ஆனால் வேலை முடிந்த பிறகுதான் அந்தத் தொகை தெரியும். மூலத்தை எண்ணினால் வேலை தொடங்கும் முன்பே இரு தரப்புக்கும் தெரியும், நான் வளவளவென்று எழுதினாலும் உங்கள் செலவு ஏறாது. அதனால்தான் மூலத்தையே எண்ணுகிறேன்.

"ஐந்து ஆதாரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் காசு வாங்கினால் போதாதா, சார்?"

போதாது. ஆனால் நீங்கள் பார்த்தது பொய்யும் அல்ல. ஒரே ஆதாரம் எழுத்துக்காரர் தயாரித்த பத்திரங்களில் பாதி வாசகம் அச்சு மாறாமல் வரும். "வில்லங்கம் எதுவும் இல்லை, இருந்தால் என் பிற சொத்துகளிலிருந்து ஈடு செய்வேன்" என்ற உறுதிமொழி எல்லாவற்றிலும் இருக்கும். பின்பக்கத்தில் சார்பதிவாளர் அலுவலகம் எழுதும் பதிவுக் குறிப்பும் அப்படியே வரும்; அதில் தேதியும் ஆள் பெயரும் மட்டும் மாறும்.

எனவே சொற்களை மூன்றாகப் பிரிக்கிறேன். முதல் முறையாக வருவது புதுச் சொல். அதற்கு முழு விலை. ஏற்கெனவே வந்த வாக்கியம் எழுத்து மாறாமல் திரும்ப வந்தால் விலையில் 30 விழுக்காடு மட்டும். ஏறக்குறைய அதே வாக்கியம், ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் வேறு என்றால் 60 விழுக்காடு. இந்த விழுக்காடுகள் என்னுடையவை. வேறொருவர் வேறு வைத்திருப்பார். ஆனால் இந்த மூன்று அடுக்குகளும் தொழிலில் எல்லோருக்கும் பழக்கமானவை. பெரிய நிறுவனங்கள் நடு அடுக்கை மேலும் மூன்று நான்காக உடைக்கும்.

இந்த வேலையில் புதுச் சொல் 4,000, அப்படியே திரும்பியது 1,600, ஏறக்குறைய திரும்பியது 800.

அப்படியே திரும்பியதற்கு எதற்கு 30 விழுக்காடு என்று கேட்பார்கள். அது அப்படியேதான் இருக்கிறது என்று உறுதிசெய்ய ஒவ்வொரு எழுத்தையும் நான் படிக்க வேண்டும். ஒருமுறை ஒரு நிறுவனம் இந்தச் சொற்களுக்குக் கூலியே கிடையாது என்று சொல்லி வேலை கொடுத்தது. நானும் ஒப்புக்கொண்டு, அந்தப் பகுதிகளைப் படிக்காமல் ஒட்டினேன். நான்காவது பத்திரத்தில் தெற்கு எல்லை "பஞ்சாயத்து வழி" என்பதிலிருந்து "தனியார் வழி" என்று மாறியிருந்தது. வாங்குபவரின் வழக்கறிஞர் கண்டுபிடித்தார். ஒரு சொல்தான், ஆனால் அந்த மனைக்குப் பொதுப்பாதை உண்டா இல்லையா என்பதே அதில் இருந்தது. அன்றிலிருந்து படிக்கும் கூலி இல்லாத வேலையை நான் எடுப்பதில்லை.

"என் மருமகன் கணினியில் போட்டுப் பார்த்தான். திரும்ப வரும் சொல் 310 தான் என்று காட்டுகிறது. நீங்கள் 1,600 என்கிறீர்களே?"

இதில் உங்களுக்குச் சாதகமானது என் எண்தான். கணினியின் எண்ணை எடுத்தால் நீங்கள் 3,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுப்பீர்கள்.

மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் சொற்களை ஒப்பிடுவதில்லை; துண்டுகளை ஒப்பிடுகின்றன. முற்றுப்புள்ளியோ வரி முறிவோ வந்தால்தான் ஒரு துண்டு முடியும். நம் ஆதாரங்களின் நடை உங்களுக்குத் தெரியும். "இன்னார் மகன் இன்னார், இன்ன வயது, எழுதிக்கொடுத்த தீறாதாரம் என்னவென்றால்" என்று தொடங்கினால் இரண்டு பக்கம் தாண்டித்தான் முற்றுப்புள்ளி. 1,200 சொற்கள் கொண்ட ஒரு பத்திரத்தில் ஒன்பது முற்றுப்புள்ளிகள்தான் இருந்தன. 300 சொல் நீளமுள்ள ஒரு வாக்கியத்தில் 180 சொற்கள் முந்தைய பத்திரத்தில் உள்ளவையே என்றாலும், மீதி 120 வேறாக இருப்பதால் மென்பொருள் முழு வாக்கியத்தையும் புதிது என்று எழுதிவிடும். `Repetitions` வரிசையில் சிறிய எண்ணும் `No match` வரிசையில் பெரிய எண்ணும் வருவது இதனால்தான்.

நான் செய்வது, எண்ணுவதற்கு முன் வாக்கியத்தை உறுப்புகளாக உடைப்பது. எழுதிக்கொடுப்பவர் விவரம், சொத்து வந்த வழி, விலை பெற்ற விவரம், உடைமை ஒப்படைப்பு, வில்லங்க உறுதிமொழி, பட்டிகை. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு வரி முறிவு போடுகிறேன். பிறகு மறுபடி எண்ணினால் திரும்புதல் வெளியே வந்துவிடுகிறது. இதற்கு எனக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. மொழிபெயர்க்கும்போது அந்த உடைப்பு எனக்கே உதவுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அது கண்ணுக்கே தெரியாது. மலையாளத்தில் ன், ர், ல் போன்ற மெய்களுக்குச் சில்லெழுத்து என்று தனி வடிவம் இருக்கிறது. 2008-இல் யூனிகோடு அவற்றுக்குத் தனிக் குறியீடு கொடுத்தது. அதற்கு முன் மூன்று குறியீடுகளைச் சேர்த்து அதே வடிவத்தை வரவழைத்தார்கள். இரண்டு முறைகளும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. திரையில் ஒரே எழுத்து, கணினிக்கு வேறு வேறு:

```
U+0D7B
U+0D28 U+0D4D U+200D
```

இரண்டுமே ன் சில்லுதான். முதல் பத்திரம் ஒரு முறையிலும் அடுத்தது மற்ற முறையிலும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், "மகன்" என்ற சொல்கூட இரண்டாகத் தெரியும். பக்கம் முழுக்கத் திரும்பி வந்தாலும் முழுப் பொருத்தம் கிடைக்காது. எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றிவிட்டுத்தான் எண்ண வேண்டும். கண்ணால் பார்த்தால் ஒன்றாக இருக்கும் பத்தியை அறிக்கை 97, 98 விழுக்காடு என்று காட்டினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

"ஓர் எண் மட்டும் மாறியிருக்கிறது. அதற்குப் போய் 60 விழுக்காடா?"

அந்த எண்தான் சொத்து. முதல் தீறாதாரத்தில் 12 ஆர் 14 சதுர மீட்டர் என்றிருந்தது. அதாவது 30 சென்ட். அடுத்ததில் 10 ஆர் 12 சதுர மீட்டர், 25 சென்ட். நடுவில் 5 சென்ட் வேறொருவருக்குப் போயிருக்கிறது. சர்வே எண், தண்டப்பேர் எண், நான்கு எல்லைகள் எல்லாமே இந்த ஏறக்குறைய அடுக்கில்தான் வருகின்றன. பழைய வாசகத்தை ஒட்டிவிட்டு எண்ணை மாற்ற மறப்பது இந்தத் தொழிலில் மிக எளிதாக நடக்கும் பிழை. புதிய வாக்கியத்தில் கை தானாகவே கவனமாக இருக்கும். பழகிய வாக்கியத்தில்தான் கண் வழுக்கும். அந்த 800 சொற்களையும் நான் மூலத்தோடு வைத்து, எண் எண்ணாக இரண்டாம் முறை படிக்கிறேன்.

"எனக்கு இரண்டே நாளில் வேண்டும். மொத்தம் எவ்வளவு ஆகும்?"

ஆதாரங்களில் ஒரு நாளைக்கு 1,500 சொற்கள் வரை என்னால் ஒழுங்காகச் செய்ய முடியும். 6,400 என்றால் சரிபார்ப்போடு சேர்த்து ஐந்து நாள். அதை இரண்டு நாளில் கேட்டால் மற்றவர் வேலையை ஒதுக்கி, இரவிலும் உட்கார வேண்டும். அதற்கு 30 விழுக்காடு அவசரக் கட்டணம்.

ஐந்தையும் அவசரமாகச் செய்தால் பில் இப்படி வரும்:

புதுச் சொல் 4,000 × ரூ. 2.50 = ரூ. 10,000
அப்படியே திரும்பியது 1,600 × ரூ. 0.75 = ரூ. 1,200
ஏறக்குறைய திரும்பியது 800 × ரூ. 1.50 = ரூ. 1,200
கூட்டு = ரூ. 12,400
அவசரக் கட்டணம் 30% = ரூ. 3,720
மொத்தம் = ரூ. 16,120

தள்ளுபடியே இல்லாமல், அவசரமும் இல்லாமல் இருந்தால் 16,000 ஆகியிருக்கும். தள்ளுபடியில் மிச்சமாகும் 3,600 அவசரத்துக்கே போய்விடும்.

"தள்ளுபடியை முதலில் கழிக்க வேண்டுமா, அவசரக் கட்டணத்தை முதலில் கூட்ட வேண்டுமா?"

எதை முதலில் செய்தாலும் ஒன்றுதான், இரண்டும் பெருக்கலாக இருக்கும்வரை. இந்த வேலையில் தள்ளுபடி 16,000-இல் 22.5 விழுக்காடு. 16,000-ஐ முதலில் 30 விழுக்காடு ஏற்றினால் 20,800, அதில் 22.5 விழுக்காடு கழித்தால் அதே 16,120.

பிசகு வேறிடத்தில் இருக்கிறது. சிலர் அவசரக் கட்டணத்தைத் தள்ளுபடிக்கு முந்தைய தொகைமேல் போட்டுவிட்டு, தள்ளுபடியையும் அதே பழைய தொகையிலிருந்தே கழிப்பார்கள். 16,000-இல் 30 விழுக்காடு 4,800. அதை 12,400-உடன் கூட்டினால் 17,200. "30 கூட்டி 22.5 கழித்தால் ஏழரை விழுக்காடு கூடுதல்தானே" என்று மனக்கணக்குப் போடுகிறவரும் அதே 17,200-க்குத்தான் வந்து சேர்வார். வித்தியாசம் 1,080 ரூபாய்.

எது நியாயம்? திரும்ப வரும் சொற்களுக்கு எனக்கு வேலை குறைவு. அவசரத்தில் நான் விழித்திருக்கும் நேரமும் அதே அளவு குறைவு. ஆகவே குறைந்த தொகைமேல்தான் அவசரக் கட்டணம் ஏற வேண்டும் என்பது என் முடிவு. வேறு மாதிரி போடுகிறவர் முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருந்தால் அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். விலைப்பட்டியலில் "அவசரக் கட்டணம் 30%" என்று மட்டும் இருந்தால், எந்தத் தொகையில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

"வழக்கறிஞர் நாளை மறுநாள் பார்க்கப்போவது பாகப்பிரிவினையும் கடைசிப் பத்திரமும்தான். அவற்றுக்கு மட்டும் அவசரம் போட முடியுமா, அண்ணா?"

முடியும், அதுதான் நல்லதும். ஆனால் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தையும் வரிசையாகச் செய்யும்போது கடைசிப் பத்திரம்தான் மிக மலிவு. அதற்கு முன்னால் வந்த நான்கில் அதன் வாசகம் பெரும்பாலும் வந்துவிட்டது. அதையே இரண்டாவதாக எடுத்தால் ஒப்பிட முன்னால் பாகப்பிரிவினை மட்டும்தான் இருக்கும். கடைசிப் பத்திரத்தின் 1,000 சொற்களில் முன்பு 350 மட்டும் புதிது; இப்போது 750 புதிது. பிறகு செய்யும் மூன்றும் அந்த அளவுக்கு மலிவாகிவிடும் என்பதால் அடிப்படைத் தொகை 12,400 மாறாது. அவசரப் பகுதியின் பங்குதான் நீங்கள் நினைத்ததைவிடப் பெரிதாகும்.

அந்த இரண்டுக்குமான அடிப்படைத் தொகை 7,187 ரூபாய் 50 காசு. அதில் 30 விழுக்காடு 2,156 ரூபாய் 25 காசு. மொத்த பில் 14,556 ரூபாய் 25 காசு. ஐந்தையும் அவசரமாகச் செய்வதைவிட 1,560 ரூபாய்க்கு மேல் மிச்சம். இப்படித்தான் செய்தோம், வழக்கறிஞருக்கும் மற்ற மூன்றும் நான்கு நாள் கழித்துக் கிடைத்ததில் குறையில்லை.

"இரண்டு நாள் என்றால் எப்போதிலிருந்து? தாமதமானால்?"

படிக்கத் தெரியும் தெளிவோடு எல்லாப் பக்கங்களும் என் கையில் வந்து, முன்பணமும் வந்த நேரத்திலிருந்து. வாட்ஸ்அப்பில் முன்பக்கங்களை மட்டும் அனுப்பிவிட்டு, பதிவுக் குறிப்பு உள்ள பின்பக்கங்களை மறுநாள் அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. அப்போது கடைசிப் பக்கம் வந்த நேரம்தான் கணக்கு. என் பக்கம் தாமதமானால் அவசரக் கட்டணம் முழுவதையும் விட்டுவிடுகிறேன்; அடிப்படைத் தொகையை மட்டும் கொடுத்தால் போதும்.

"தமிழும் மலையாளமும் அக்கா தங்கைதானே? எனக்குத் தமிழில் போதும். விலையைக் குறையுங்களேன்."

தமிழ் மொழிபெயர்ப்புக்கு விலை கொஞ்சம் குறைவுதான், இரண்டு ரூபாய். அதற்கு மேல் குறைக்க முடியாததற்குக் காரணம் இந்த உறவேதான். மலையாள ஆதாரத்தில் "போக்குவரவு" என்றால் பட்டா மாற்றம். "ஆதாரம்" என்றால் பத்திரம். இவையாவது படித்த உடனே உறுத்தும். "நிலம்" உறுத்தாது. கேரள வருவாய்ப் பதிவில் நிலம் என்று எழுதினால் நெல்வயல்; வீடு கட்டும் மேட்டு நிலம் "புரயிடம்". 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வயலைத் திருத்தி வீடு கட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. நிலம் என்பதைத் தமிழிலும் நிலம் என்றே விட்டால், வாங்குகிறவர் வீட்டுமனை என்று நினைத்துக்கொள்வார். நான் "நஞ்சை, நெல்வயல்" என்று எழுதுகிறேன்.

"தாத்தா காலத்துப் பத்திரம் கையெழுத்தில் இருக்கிறது. அதை எப்படி எண்ணுவீர்கள்?"

கையால்தான். மூன்று பக்கங்களில் பத்துப் பத்து வரிகளை எண்ணி, ஒரு வரிக்குச் சராசரி எத்தனை சொல் என்று எடுத்து, மொத்த வரிகளால் பெருக்குகிறேன். இது மதிப்பீடு மட்டும். தட்டச்சு செய்து முடித்த பிறகு வரும் உண்மையான எண்தான் பில்லில் ஏறும். மதிப்பீட்டைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடினால் அந்தக் கூடுதலை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இத்தகைய பத்திரத்துக்குச் சொல்லுக்கு மூன்றரை ரூபாய். 1971-இல் மலையாள எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய கூட்டெழுத்துகள் அவற்றில் நிறைய இருக்கும். முத்திரைத்தாளில் மையும் ஊறியிருக்கும். இவற்றுக்குத் திரும்பும் வாசகத் தள்ளுபடி கொடுப்பதில்லை. எழுத்தைக் கூட்டிப் படிப்பதுதான் பாதி வேலை. ஒரே வாசகம் திரும்ப வந்தாலும் அந்த வேலை குறைவதில்லை. படிக்க முடியாத சொல்லை ஊகித்து எழுத மாட்டேன். அந்த இடத்தில் "படிக்க இயலவில்லை" என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவேன், அதற்குக் கட்டணம் இல்லை.

"கரம், அதாவது நிலவரி, அடைத்த ரசீது ஒரு பக்கம்தான். அதற்கும் சொல் எண்ணுவீர்களா?"

இல்லை. 200 சொல்லுக்குக் குறைந்த தாள் எதுவானாலும் 500 ரூபாய். நோட்டரி முத்திரை வேண்டுமென்றால் அது அவர் கட்டணம். சொல் எண்ணிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை, அதன்மேல் அவசரக் கட்டணமும் போடக் கூடாது.